கைக்குழந்தையின் கண் ஆடுகிறதா? வீட்டில் எடுக்கும் வீடியோ முதல் பரிசோதனை முடிவு வரை

"பால் குடிக்கும்போது என் முகத்தைத்தான் பார்க்கிறான், ஆனால் கண் ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது." குழந்தைகள் கண் பிரிவில் வேலை பார்க்கும் எனக்கு இந்த வாக்கியத்தைக் கேட்டதுமே குழந்தைக்கு என்ன வயது என்று சொல்லிவிடத் தோன்றும். பெரும்பாலும் இரண்டரை மாதத்திலிருந்து நான்கு மாதத்துக்குள் இருக்கும். அதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் புரிந்துவிட்டால், மருத்துவமனையில் எந்தப் பரிசோதனையை ஏன் செய்கிறார்கள் என்பது தானாகப் புரியும்.

பார்க்கும் பொருளின் மேல் கண் அசையாமல் நிற்பது தானாக நடக்கும் காரியம் அல்ல. விழித்திரையின் நடுவில் ஃபோவியா என்று ஒரு சிறு குழி இருக்கிறது. நுணுக்கமான பார்வை அங்கிருந்துதான் வருகிறது. பிம்பம் அந்தக் குழியை விட்டுக் கொஞ்சம் நழுவினாலும் மூளை உடனே கண்ணை இழுத்துச் சரிசெய்யும். பிறந்து முதல் சில மாதங்களில் மூளை இந்தப் பிடிமானத்தைப் பழகிக்கொள்கிறது. அந்தக் காலத்தில் கண்ணிலிருந்து தெளிவான பிம்பம் வரவில்லை என்றால் பிடிமானம் உருவாவதில்லை, கண் ஊசலாடத் தொடங்குகிறது. இதைத்தான் நிஸ்டாக்மஸ் என்கிறோம், தமிழில் கண் நடுக்கம்.

ஆகவே கண் நடுக்கம் பெரும்பாலும் ஓர் அறிகுறிதான். "ஆட்டத்தை எப்படி நிறுத்துவது?" என்பதுதான் பெற்றோர் முதலில் கேட்பது. மருத்துவர் முதலில் கேட்பது "ஏன் ஆடுகிறது?" என்பது. பதில் மூன்று இடங்களில் ஒன்றில் கிடைக்கும். பார்வையை எடுத்துச் செல்லும் பாதையில், அதாவது கண்ணின் முன்பகுதியிலோ விழித்திரையிலோ பார்வை நரம்பிலோ, குறை இருக்கலாம். பார்வைப் பாதை நன்றாகவே இருந்து, கண் அசைவைக் கட்டுப்படுத்தும் அமைப்பு மட்டும் பிறவியிலேயே மாறியிருக்கலாம். FRMD7 என்ற மரபணுவில் வரும் மாற்றம் இதற்கு ஒரு காரணம். மூன்றாவதாக, மூளையில் ஏதோ ஒன்று இருக்கலாம். மூன்றில் இது குறைவாகவே வரும், ஆனால் தவறவிடக் கூடாதது.

முதல் படி: அது நிஸ்டாக்மஸ்தானா என்று பாருங்கள்

பிறந்த குழந்தையின் கண்கள் முதல் இரண்டு மூன்று மாதங்களில் அவ்வப்போது ஆளுக்கொரு பக்கம் போகும், ஒரு கண் மூக்குப் பக்கம் நழுவும், பிறகு தானே திரும்பும். இது நடுக்கம் அல்ல. குழந்தையைத் தூக்கிச் சுற்றியபின் சில விநாடிகள் கண் துடிப்பதும் இயல்புதான். நிஸ்டாக்மஸ் என்றால் அதில் ஒரு தாளம் இருக்கும். விழித்திருக்கும் நேரமெல்லாம், கூடக் குறைய ஆனாலும், அது தொடரும். பெரும்பாலும் இரண்டு கண்களும் சேர்ந்து, ஒரே வேகத்தில், இட வலமாக ஆடும். கவனித்துப் பார்க்கும்போது கூடும். ஆழ்ந்து தூங்கும்போது நின்றுவிடும்.

இதோடு இன்னொன்றையும் கவனியுங்கள். ஆறு முதல் எட்டு வார வயதில் குழந்தை உங்கள் முகத்தில் கண்ணை வைத்து, முகம் நகர்ந்தால் பின்தொடரத் தொடங்க வேண்டும். ஆட்டத்தோடு இந்தப் பின்தொடர்தலும் இல்லையென்றால் அதைக் குறித்துவையுங்கள். மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளில் அது இருக்கும்.

இரண்டாம் படி: வீடியோ எடுங்கள்

பரிசோதனை அறையில் குழந்தை அழும், கண்ணை மூடிக்கொள்ளும், தூங்கிவிடும். வீட்டில் அமைதியாக இருக்கும்போது எடுத்த அரை நிமிட வீடியோவில் தெரிவது, பல நேரம் அரை மணி நேரம் நேரில் பார்த்தாலும் தெரிவதில்லை. போனைப் படுக்கைவாட்டில் பிடித்து, இரண்டு கண்களும் நெற்றியும் முழுதாகத் தெரியும்படி கிட்டத்தில் எடுங்கள். வெளிச்சம் உங்களுக்குப் பின்னாலிருந்து வரட்டும். ஃப்ளாஷ் வேண்டாம். முதலில் நேராகப் பார்க்கும்போது எடுத்துவிட்டு, ஒரு பொம்மையை இடது பக்கம், வலது பக்கம், மேலே என்று மெதுவாக நகர்த்துங்கள். பிறகு தலையைப் பிடிக்காமல், குழந்தை தன்போக்கில் இருக்கும்போது ஒன்று எடுங்கள். தலை ஆடுகிறதா, ஒரு பக்கம் சாய்கிறதா என்பது அதில்தான் தெரியும். வெயில் வெளிச்சத்தில் ஒன்றும் மங்கலான அறையில் ஒன்றும் எடுத்தால் இன்னும் நல்லது. வெளிச்சத்தில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, மங்கலான அறைக்கு வந்ததும் அகலத் திறக்கும் குழந்தை விழித்திரையைப் பற்றி ஒரு செய்தி சொல்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இந்த வீடியோக்களில் நாங்கள் தேடுவது இதைத்தான். குழந்தை மேலே பார்க்கும்போதும் ஆட்டம் இட வலமாகவே இருந்தால், சிறுவயதில் தொடங்கும் வழக்கமான வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். கண்ணை உள்பக்கம் திருப்பியிருக்கும் மாறுகண் உள்ள குழந்தைக்கு, ஒரு கண்ணை மறைத்த உடனே ஆட்டம் கூடினால் அது வேறு வகை. இரண்டு கண்களும் சேர்ந்து பார்க்கப் பழகாததால் வருவது அது. ஒரு கண்ணில் மட்டும், அல்லது ஒன்றில் மிக அதிகமாக, மினுக்குவதுபோல் வேகமான சிறு நடுக்கம் தெரிந்து, கூடவே தலையாட்டமும் கழுத்துச் சாய்வும் இருந்தால் ஸ்பாஸ்மஸ் நியூட்டன்ஸ் என்ற நிலையாக இருக்கலாம். இது சில ஆண்டுகளில் தானே அடங்கிவிடும். ஆனால் பார்வை நரம்புப் பாதையில் வரும் கட்டியும் அச்சு அசலாக இதே தோற்றத்தைத் தரும். வெளியிலிருந்து பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது, ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும். "இது தானாகச் சரியாகிவிடும் வகை" என்று யாராவது ஸ்கேன் இல்லாமல் சொன்னால், ஸ்கேன் ஏன் வேண்டாம் என்று கேளுங்கள்.

காத்திருக்கக் கூடாத நிலைகள்

கண் இட வலம், மேல் கீழ், குறுக்கு என்று எல்லாத் திசையிலும் திடீர் திடீரென்று கொத்துக் கொத்தாகத் துள்ளினால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். கை கால் வெட்டுவதும், உட்காரத் தெரிந்த குழந்தை தள்ளாடுவதும் இதோடு சேர்ந்து வரலாம். இதற்குப் பெயர் ஆப்சோகுளோனஸ். தாளமில்லாத இந்தத் துள்ளலுக்குப் பின்னால் நியூரோபிளாஸ்டோமா என்ற கட்டி உடலில் எங்காவது ஒளிந்திருக்கலாம்.

வாந்தி, உச்சிக்குழி புடைப்பு, தலை வேகமாகப் பெரிதாவது, வழக்கத்துக்கு மீறிய சோர்வு இவற்றில் ஏதாவது ஆட்டத்தோடு சேர்ந்திருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். நன்றாகச் சிரித்து விளையாடிக்கொண்டே எடை மட்டும் ஏறாமல் மெலிந்துகொண்டே போகும் குழந்தையும் இதே பட்டியலில்தான். ஆட்டம் ஆறு மாத வயதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கினாலோ, மேல் கீழாக இருந்தாலோ, ஒரு கண்ணில் மட்டும் இருந்தாலோ மூளையைப் பார்க்க வேண்டிய தேவை கூடுகிறது.

கண்பாப்பாவில் வெள்ளை தெரிந்தால் அவசரம் வேறு விதமானது. இரண்டு கண்ணிலும் பிறவிக் கண்புரை இருந்தால் வாரங்கள் கணக்கில் வரும். முதல் இரண்டு மாதங்களுக்குள் புரையை எடுத்துவிட்டால் பிடிமானம் பழக வாய்ப்பு உண்டு. கண் ஆடத் தொடங்கிவிட்டதென்றால் அந்த வாய்ப்பு ஏற்கெனவே நழுவத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், மேலும் ஒரு வாரம்கூடத் தள்ளக் கூடாது.

இவை எதுவும் இல்லாமல், மூன்று மாதக் குழந்தைக்கு இரு கண்ணும் சேர்ந்து இட வலமாக ஆடுகிறது என்றால் நடு ராத்திரியில் ஓட வேண்டியதில்லை. ஓரிரு வாரத்துக்குள் குழந்தைகள் கண் மருத்துவரைப் பாருங்கள்.

பரிசோதனை நாளில்

அரை நாள் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையைக் கொஞ்சம் பசியோடு கொண்டுவந்து, பாலைக் கையில் வைத்திருங்கள். பால் குடிக்கும் குழந்தை கண்ணைத் திறந்து வைத்திருக்கும், எங்களுக்கு அது போதும்.

முதலில் பேச்சு. குறைமாதப் பிரசவமா, கர்ப்ப காலத்தில் வலிப்பு மருந்து ஏதாவது எடுத்தீர்களா, ஆட்டத்தை முதலில் பார்த்தது எந்த வாரம் என்று கேட்போம். குடும்பத்தைப் பற்றிக் கேட்கும்போது அவசரப்படாதீர்கள். "எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை" என்ற பதில் பல நேரம் அப்பா அம்மாவோடு நின்றுவிடுகிறது. அம்மாவின் தம்பி, அம்மாவின் அப்பா, அத்தை பிள்ளைகள் என்று போய்ப் பாருங்கள். சின்ன வயதிலிருந்து சோடாபுட்டிக் கண்ணாடி, வெளிச்சத்தில் கண் கூசுவது, புத்தகத்தை மூக்கோடு ஒட்டி வைத்துப் படிப்பது, மாலையானால் தடுமாறுவது, இவற்றில் எது இருந்தாலும் சொல்லுங்கள்.

பிறகு பார்வையை அளப்போம். மூன்று மாதக் குழந்தைக்கு எப்படி அளப்பது என்று கேட்காத பெற்றோர் இல்லை. சாம்பல் நிற அட்டையின் ஒரு பாதியில் மட்டும் கறுப்பு வெள்ளைக் கோடுகள் இருக்கும். கோடு தெரிந்தால் குழந்தை அந்தப் பக்கம்தான் பார்க்கும், வெறும் சாம்பலில் அதற்கு ஆர்வம் இல்லை. கோடுகளை மெல்லியதாக்கிக்கொண்டே போவோம், எந்த அட்டையில் ஆர்வம் போகிறதோ அதற்கு முந்தையது அன்றைய அளவு. முதலில் இரண்டு கண்ணும் திறந்தபடியே அளக்க வேண்டும். ஒரு கண்ணை மறைத்தால் சில குழந்தைகளுக்கு ஆட்டம் கூடி, பார்வை உள்ளதைவிட மோசமாகத் தெரியும்.

அடுத்து அறையை இருட்டாக்கி ஐரிஸைப் பார்ப்போம். கண்பாப்பாவைச் சுற்றியுள்ள நிறப் படலம் அது. கண்பாப்பா வழியாக ஒரு சிறு ஒளியைச் செலுத்தினால், நிறமி நிறைந்த ஐரிஸ் இருட்டாகவே இருக்கும். நிறமி குறைவாக இருந்தால் திரைச்சீலையில் ஊசித்துளை வழியாக விளக்கு தெரிவதுபோல் செந்நிறப் புள்ளிகள் தெரியும். இரண்டு நிமிட வேலை. ஆனால் சொட்டு மருந்து போடுவதற்கு முன்பே செய்ய வேண்டியது, கண்பாப்பா விரிந்தபின் செய்ய முடியாது.

அதற்குப் பிறகு சொட்டு மருந்து. எரியும், குழந்தை ஒரு நிமிடம் வீறிட்டு அழும். கண்பாப்பா விரிய 30 முதல் 40 நிமிடம் ஆகும். முகம் சிவக்கலாம், குழந்தை கொஞ்சம் மந்தமாகலாம், அடுத்த நாள் வரை வெளிச்சம் கூசலாம். விரிந்தபின் கண்ணாடி பவர் அளப்போம், விழித்திரையையும் பார்வை நரம்பையும் பார்ப்போம்.

"விழித்திரை நார்மல்" என்று சொன்னால்

இந்த வழிகாட்டியை நான் எழுதக் காரணமே இந்தப் பகுதிதான். கண் ஆடும் குழந்தையின் விழித்திரை பார்ப்பதற்கு நன்றாக இருந்தால், வேலை நன்றாகச் செய்கிறது என்று அர்த்தம் இல்லை. லீபர் பிறவிப் பார்வையின்மை, நிறம் உணரும் செல்கள் வேலை செய்யாத அக்ரோமடாப்சியா, பிறவி மாலைக்கண் ஆகிய மூன்றிலும் முதல் வருடத்தில் விழித்திரை முற்றிலும் இயல்பாகத் தோன்றலாம். ஆடுகிற கண்ணில், அழுகிற குழந்தையிடம், ஃபோவியாவைத் தெளிவாகப் பார்ப்பதும் எளிதல்ல.

ஒரு குழந்தையின் கதையைச் சொல்கிறேன். ஆண் குழந்தை, நிறை மாதம். 11 வாரத்தில் அம்மா ஆட்டத்தைக் கவனித்தார். முதலில் காட்டிய இடத்தில் விழித்திரை நார்மல், ஒரு வயதுக்குப் பிறகு பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள். எங்களிடம் வந்தபோது 15 வாரம். கறுத்த முடி, அப்பாவின் நிறம். இரு கண்ணும் சேர்ந்து இட வலமாகப் பெரிய வீச்சில் ஆடின. கோட்டு அட்டையைக் காட்டினால் தடிமனான கோடுகளை மட்டும் பார்த்தான். மங்கலான அறையில் ஐரிஸின் கீழ்ப்பகுதியில் நான்கைந்து செந்நிறப் புள்ளிகள் தெரிந்தன. நிறமிக் குறைவு என்றால் அல்பினிசம், ஆனால் இவ்வளவு கறுத்த முடியோடு அல்பினிசமா என்று அப்பா நம்பவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. கண்ணை மட்டும் பாதிக்கும் அல்பினிசம் ஒன்று உண்டு, முடியையும் தோலையும் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

அப்போதுதான் அம்மா, தன் தம்பிக்கும் கண் "கொஞ்சம் துடிக்கும்" என்றார். அது அவன் சுபாவம் என்று வீட்டில் விட்டுவிட்டார்களாம். உடனே அம்மாவின் கண்ணில் சொட்டு மருந்து போட்டோம். அவருக்குப் பார்வையில் எந்தக் குறையும் இல்லை. விழித்திரையின் ஓரங்களில் மட்டும், சேறு தெறித்ததுபோல் திட்டுத் திட்டாக நிறமி. இந்த வகை அல்பினிசம் எக்ஸ் குரோமோசோமில் உள்ள GPR143 மரபணுவின் வழியாக வருகிறது. அதைச் சுமக்கும் பெண்களில் பெரும்பாலோரின் விழித்திரையில் இந்தச் சேற்றுத் தெறிப்பு இருக்கும். குழந்தையின் கண்ணில் தேடிக்கொண்டிருந்த பதில் அம்மாவின் கண்ணில் இருந்தது.

உறுதிப்படுத்த மூன்று பரிசோதனைகள் செய்தோம். ஓ.சி.டி. என்பது விழித்திரையின் அடுக்குகளை ஒளியால் படம் பிடிப்பது, வலியில்லாதது. கையில் பிடிக்கும் கருவி இருந்தால் கைக்குழந்தைக்கும் செய்யலாம். இவனுக்கு ஃபோவியாவில் குழியே இல்லை. அடுத்தது ஈ.ஆர்.ஜி. ஒளிக்கு விழித்திரை தரும் மின் பதிலை அளப்பது. கீழ் இமைக்குக் கீழே ஒட்டும் மின்முனை வைத்து, ஏறக்குறைய 20 நிமிடம் இருட்டில் வைத்திருந்து, பிறகு ஒளி மின்னல்களைக் காட்டுவார்கள். இவனுக்கு அது நன்றாக இருந்தது, லீபரும் அக்ரோமடாப்சியாவும் விலகின. மூன்றாவது வி.ஈ.பி. பின்மண்டையில் மூன்று மின்முனைகள் ஒட்டி, பார்வைச் செய்தி மூளையின் எந்தப் பக்கம் போய்ச் சேருகிறது என்று பார்ப்பது. அல்பினிசத்தில் நரம்பு இழைகள் அளவுக்கு மீறி எதிர்ப்பக்கத்துக்குக் கடந்துபோகும். வலது கண்ணுக்கு ஒளி காட்டினால் இடது மூளையில் அலை உயர்ந்தது, இடது கண்ணுக்குக் காட்டினால் வலதில். மரபணுச் சோதனையின் பதில் சில மாதம் கழித்து வந்து GPR143 என்றே சொன்னது. மூளை ஸ்கேன் தேவைப்படவில்லை.

ஈ.ஆர்.ஜி.யில் ஒரு எச்சரிக்கை உண்டு. முதல் மாதங்களில் விழித்திரையின் மின் பதில் இன்னும் முதிராமல் சிறிதாகத்தான் இருக்கும். ஆகவே மூன்று மாதத்தில் "குறைவு" என்று வந்தால் அதை முடிவாக எடுக்காமல் ஒரு வயதை ஒட்டி மறுபடி செய்ய வேண்டும். அலை அறவே இல்லை என்றால், அதோடு குழந்தை விரலால் கண்ணை அடிக்கடி அழுத்திக் குடைந்தால், லீபரை நினைப்போம். அதில் RPE65 என்ற மரபணு வகைக்கு மரபணு சிகிச்சை இருக்கிறது, எந்த மரபணு என்று தெரிந்துகொள்வது அங்கே வெறும் பெயருக்காக அல்ல. மங்கலில் கண் திறந்து வெளிச்சத்தில் மூடும் குழந்தையை முன்னே சொன்னேன். அந்தக் குழந்தைக்குப் பகல் பார்வை செல்களின் அலை இல்லாமல், இருட்டுப் பார்வை செல்களின் அலை மட்டும் இருந்தால் அது அக்ரோமடாப்சியா.

கண்ணோடு நிற்காத காரணங்கள்

இரண்டு நிலைகளில் கண் மருத்துவர் வேறு துறைக்கு அனுப்பியே ஆக வேண்டும். பார்வை நரம்பு இரண்டு பக்கமும் சிறிதாக இருந்தால், மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியும் சரியாக அமையாமல் இருக்கலாம். இரத்தச் சர்க்கரை இறங்குவது, காய்ச்சலின்போது குழந்தை சட்டென்று மோசமாவது ஆகியவை அதன் விளைவுகள். ஹார்மோன் சோதனையும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் அவசியம். ஐரிஸே இல்லாமல் பிறந்த குழந்தைக்கு மரபணுச் சோதனையில் ஐரிஸ் உருவாகத் தேவையான மரபணுவுக்குப் பக்கத்தில் உள்ள WT1 என்ற மரபணுவும் அறுந்துபோயிருக்கிறதா என்று பார்ப்பார்கள். அறுந்திருந்தால் சிறுநீரகத்தில் வில்ம்ஸ் கட்டி வரும் ஆபத்து உண்டு. அதனால் பதில் வரும் வரையிலும், அறுந்திருப்பது உறுதியானால் அதற்குப் பிறகு சில ஆண்டுகளும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் எடுப்பார்கள்.

எம்.ஆர்.ஐ. எல்லோருக்கும் தேவையில்லை. எடுக்கச் சொன்னால், சின்னஞ்சிறு குழந்தையாக இருந்தால் பாலூட்டி, துணியில் சுற்றித் தூங்கவைத்தே எடுக்க முடியுமா என்று கேளுங்கள். வளர்ந்துவிட்டால் பெரும்பாலும் மயக்க மருந்து வேண்டியிருக்கும்.

முடிவு கையில் வந்த பிறகு

ஆட்டம் முழுதாக நிற்குமா என்றால், பெரும்பாலான வகைகளில் நிற்காது. ஆனால் மாறும். முதல் மாதங்களின் பெரிய வீச்சு வயது ஏற ஏறச் சிறிதாகும். உலகம் ஆடுவதாகக் குழந்தை உணர்வதில்லை, இந்த ஆட்டத்தோடே பார்க்கப் பழகிய மூளை அது. பார்வை எவ்வளவு வரும் என்பது காரணத்தைப் பொறுத்தது. அசைவுக் கட்டுப்பாடு மட்டும் மாறிய குழந்தைகளுக்கு ஓரளவு நல்ல பார்வை வரும், அக்ரோமடாப்சியாவில் மிகக் குறைவாகவே இருக்கும். அல்பினிசம் இடையில், ஆளுக்கு ஆள் மாறும். நான்கு மாதத்தில் யாராலும் எண்ணாகச் சொல்ல முடியாது. கோட்டு அட்டை அளவு சில மாத இடைவெளியில் எப்படி ஏறுகிறது என்பதே நம்பத் தகுந்த தடயம். கண்ணாடி பவர் இருந்தால் சிறிதென்றாலும் போடச் சொல்வோம், மங்கலான பிம்பம் பிடிமானத்தை இன்னும் கெடுக்கும்.

அந்தப் பையனுக்கு இப்போது 14 மாதம், கண்ணாடி போட்டிருக்கிறான். போன முறை வந்தபோது ஒரு சாவிக்கொத்தை நீட்டினேன். முகத்தை இடது பக்கம் திருப்பி, வலது கடைக்கண்ணால் பார்த்துக் கை நீட்டினான். அந்தக் கோணத்தில் அவன் கண் ஏறக்குறைய நின்றுவிடுகிறது, பிம்பம் அங்கேதான் தெளிவாக விழுகிறது. அம்மா பழக்கத்தில் தாடையைப் பிடித்து முகத்தை நேராக்கினார், உடனே ஆட்டம் கூடியது, சாவியைத் தவறவிட்டான். கையை எடுக்கச் சொன்னேன். முகம் மறுபடி இடது பக்கம் போயிற்று, சாவி அவன் கைக்கு வந்தது.